ஒரே பாடம், வேறு வழி: எழுத்துகளில் தடுமாறும் பிள்ளைக்கு வாசிப்புப் பாடத்தை மாற்றி அமைத்தல்

நமது மாலை நேர வகுப்புக்கு வரும் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், கதை சொன்னால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். "சோம்பேறித்தனம்தான்" என்றார் அவனுடைய உம்மா. கண், காது இரண்டையும் பரிசோதித்தாயிற்று, குறையில்லை. பின்னர் மருத்துவமனையில் சோதித்து, அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு இருப்பதாகச் சொன்னார்கள். அறிவுக் குறைவு அல்ல. எழுத்தையும் ஒலியையும் விரைவாக இணைப்பதில் உள்ள சிரமம்.

அவனுக்காக ஒரு சிறு பாடத்தை எப்படி மாற்றினோம் என்பதைப் பெற்றோரும் தன்னார்வ ஆசிரியர்களும் பின்பற்றும் வகையில் இங்கே தருகிறோம். பாடம் இதுதான்:

"கோழி ஒன்று கொல்லையில் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. வானத்தில் பருந்து வட்டமிட்டது. அதைக் கண்ட கோழி கொக்கரித்தது. குஞ்சுகள் ஓடிவந்து தாயின் இறக்கைக்குள் ஒளிந்துகொண்டன."

முதலில் அவனை வாசிக்கவிட்டுக் கேட்டோம். தடுமாற்றம் இரண்டு இடங்களில்தான். ஒன்று, 'கோழி'யைக் 'கொழி' என்றான். 'கொ'வில் கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது; ஆனால் வாயில் முதலில் வருவது நடுவிலுள்ள 'க்' ஒலி. கண் போகும் வரிசையும் ஒலி வரும் வரிசையும் வேறு. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதில்தான் குறில், நெடில் மாறுகிறது. இரண்டாவது, 'மேய்ந்துகொண்டிருந்தது' என்ற நீண்ட சொல்லின் தலையை மட்டும் பார்த்து 'மேய்ந்தது' என்று ஊகித்துவிட்டான்.

தாளின் அமைப்பு

பாடத்தை 18 புள்ளி அளவில், அலங்காரமில்லாத எழுத்தில் அச்சிட்டோம். வரிக்கு மூன்று நான்கு சொற்கள். வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி. இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். இரு ஓரமும் சமமாக்கினால் சொற்களுக்கிடையே தாறுமாறாக இடைவெளி விழும். ஆங்கிலத்துக்குச் சொல்வதுபோல் எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டினால், தமிழில் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகிவிடலாம். ஆகவே சொல் இடைவெளியையும் வரி இடைவெளியையும் மட்டும் கூட்டுங்கள். நீண்ட சொல்லை முதல் தாளில் 'மேய்ந்து – கொண்டு – இருந்தது' என்று பொருள் பிரியும் இடத்தில் பிரித்தோம். மறுநாள் தாளில் சேர்த்தே கொடுத்தோம்.

வேகம்

ஒரே நாளில் முடிக்க வேண்டிய பாடத்தை இரண்டு நாளுக்கு, நாளுக்கு இருபது நிமிடமாகப் பிரித்தோம். முதல் நாள் 'கோழி', 'கொல்லை', 'கொக்கரித்தது' ஆகிய சொற்களை அட்டையில் பழகினான். பிறகு ஆசிரியர் விரலால் வரியைக் காட்டிப் படிக்க, அவனும் கூடவே படித்தான். இரண்டாம் நாள் அதே நான்கு வாக்கியங்களைத் தனியாக மூன்று முறை படித்தான். தடுமாறினால் ஐந்து விநாடி பொறுத்திருந்து, பிறகு சொல்லைச் சொல்லிக்கொடுத்தோம். முன்தயாரிப்பில்லாமல் எல்லார் முன்னிலையிலும் எழுப்பிப் படிக்கச் சொல்லவில்லை. அந்தப் பயத்தில்தான் அவன் தண்ணீர் குடிக்கப் போனான்.

செயல்பாடு

கொம்பு, உயிர்மெய் எழுத்து, கால் ஆகியவற்றைத் தனித்தனி அட்டைகளாக வெட்டி, ஆசிரியர் 'கொ' என்றால் 'கொ', 'கோ' என்றால் 'கோ' என்று அடுக்கச் சொன்னோம். அடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கதை புரிந்ததா என்று அறிய, எழுத்துத் தேர்வு வைக்கவில்லை. நான்கு படங்களை வரிசைப்படுத்திக் கதையைச் சொன்னான். எழுதச் சொல்லியிருந்தால், புரியவில்லையா எழுத வரவில்லையா என்பது நமக்குத் தெரிந்திருக்காது.

எங்கே ஏமாறுவோம்

மூன்றாம் முறை தடையின்றிப் படித்தபோது மகிழ்ந்தோம். ஆனால் கடைசி வாக்கியத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கிக் காட்டியபோது இரண்டு சொற்களில் நின்றுவிட்டான். பாதியை மனப்பாடத்தில் சொல்லியிருக்கிறான். ஆகவே பாடத்தில் இல்லாத 'கொடி', 'கோடு', 'தொடு', 'தோடு' ஆகியவற்றைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். அவற்றைச் சரியாகப் படித்தால்தான் எழுத்து பிடிபட்டது என்று பொருள். அவன் முதலில் இரண்டைத்தான் படித்தான். அட்டை அடுக்குதலை மேலும் ஒரு வாரம் தொடர்ந்த பிறகு நான்கையும் படித்தான்.

தாளை மாற்றுவது சுமையைக் குறைக்கும். எழுத்தையும் ஒலியையும் முறையாகக் கற்பிக்கும் வேலையை அது செய்யாது. அது தினமும் சிறிது நேரம், மாதக்கணக்கில் நடக்க வேண்டியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் அங்கீகரித்திருக்கிறது. எனவே மருத்துவச் சான்றிதழைப் பெற்றுப் பள்ளியில் கொடுத்து, தேர்வுச் சலுகைகளைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

இப்போது அந்த மாணவன் வகுப்பு முடிந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கப் போகிறான்.