பாக்டீரியா எல்லாம் பகையா?
வினாவும் விடையும்

பெங்களூரின் கிழக்குப் பகுதியிலுள்ள தொம்மலூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு பேசும் குடும்பங்கள் நெடுங்காலமாக அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றன. மாலை நேரங்களில் குடியிருப்பின் வாயிலில் அண்டை வீட்டார் கூடிப் பேசும்போது, மளிகைச் செலவைப் பற்றிய பேச்சு ஒருநாள் சோப்பின் விலைக்குத் திரும்பியது. கிருமிநாசினி சேர்ந்த சோப்பையே வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். அது தேவைதானா என்பது கேள்வி. இக்கட்டுரையாளர் பொருளாதாரம் படித்தவரேயன்றி மருத்துவர் அல்லர். எனினும், மாதந்தோறும் செய்யும் ஒரு செலவு அதற்குரிய பயனைத் தருகிறதா என்று பார்ப்பது பொருளாதார மாணவனின் வேலைதான். அன்று எழுந்த வினாக்களும், பின்னர் ஆய்வுகளைப் படித்துத் தேடிய விடைகளும் இங்கே தரப்படுகின்றன.

வினா: பாக்டீரியா என்றாலே நோய்க்கிருமிதானே? அதை வீட்டில் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

விடை: அவ்வாறு கருதும் இல்லத்தரசி இரவில் இட்லி மாவை அரைத்து மூடி வைக்கும்போது, பாக்டீரியாவைத்தான் வேலைக்கு அமர்த்துகிறார். மாவு பொங்குவதற்குக் காரணம் லூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியா என்று 1965ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இது வெளியிலிருந்து சேர்க்கப்படுவதன்று. உளுந்திலேயே ஒட்டிக்கொண்டு வருவது. ஊறிய பருப்பில் இது பெருகி, மாவிலுள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. உளுந்தின் வழவழப்பு அவ்வாயுவைச் சிறு குமிழ்களாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இட்லியின் மென்மை அக்குமிழ்களின் பயனே.

அதே வேளையில் இப்பாக்டீரியாவும் இதன் இனத்தைச் சேர்ந்த பிறவும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. மாவு புளிக்கப் புளிக்க, உணவைக் கெடுக்கும் பல நுண்ணுயிர்கள் அப்புளிப்பில் வளர முடியாமற் போகின்றன. அதாவது, ஒருவகைப் பாக்டீரியா மற்றொரு வகையைத் தடுத்து நிறுத்துகிறது. மார்கழி மாதத்தில் பெங்களூரின் குளிரில் மாவு பொங்காமல் போவது பாக்டீரியா இல்லாமையால் அன்று. வெப்பம் போதாமையால் அவை மெல்லப் பெருகுகின்றன என்பதே காரணம். பாத்திரத்தை வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் வேலை நடக்கும். ஆனால் மாவின் மேல் இளஞ்சிவப்பு, பச்சை அல்லது கருப்புத் திட்டுக்கள் தோன்றினாலோ, புளிப்பு மணத்திற்கு மாறாக அழுகல் நாற்றம் வீசினாலோ, வேண்டாத நுண்ணுயிர்கள் இடம் பிடித்துவிட்டன என்று அறிந்து முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

நம் உடலும் இத்தகையதே. மனித உடலில் உள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை, நம் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ ஈடானது என்று 2016ஆம் ஆண்டின் ஒரு கணக்கீடு கூறுகிறது. நம்முடையதைப் போலப் பத்து மடங்கு என்று அதற்குமுன் நூல்களில் எழுதப்பட்டு வந்தது மிகைக் கணக்கு. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. நாம் செரிக்க இயலாத நார்ப்பொருளை அவை உண்கின்றன. நோய் தருபவை சிலவே. அந்தச் சில மிகக் கொடியவை என்பதையும் மறுப்பதற்கில்லை. காலராவும் காசநோயும் டைபாய்டும் பாக்டீரியாவின் வேலைகளே.

வினா: நோய் தருபவை சில என்றாலும், 99.9 விழுக்காடு கிருமிகளைக் கொல்லும் சோப்பு இருக்கையில் சாதாரண சோப்பு எதற்கு?

விடை: அந்த எண்ணைச் சற்றே நிறுத்திக் கணக்கிட வேண்டும். பத்து லட்சம் பாக்டீரியாக்களில் 99.9 விழுக்காடு இறந்தால் எஞ்சுபவை ஆயிரம். ஊட்டமும் வெப்பமும் நிறைந்த ஆய்வுக்கூடத் தட்டில் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியாவாக இருப்பின், அந்த ஆயிரம் பத்து முறை இரட்டித்து 200 நிமிடங்களில் மீண்டும் பத்து லட்சத்தைத் தாண்டும். நம் தோலில் அவ்வளவு விரைவாகப் பெருகாது என்பது உண்மை. ஆயினும், விழுக்காட்டை மட்டும் சொல்லி, எந்தப் பாக்டீரியா, எவ்வளவு நேரம், எந்தப் பரப்பில் என்பதைச் சொல்லாத எண் வாங்குவோருக்கு அதிகம் உதவாது.

நேரம் என்பதுதான் இங்கே முக்கியம். 2015இல் கொரிய ஆய்வாளர்கள், 0.3 விழுக்காடு டிரைக்ளோசான் என்னும் கிருமிநாசினி சேர்ந்த சோப்பையும் அது சேராத சோப்பையும் இருபது பாக்டீரியா வகைகளின்மேல் சோதித்தனர். நாம் கை கழுவும் பத்து, இருபது, முப்பது நொடி அளவில் இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒன்பது மணி நேரம் தொடர்ந்து சோப்பில் ஊற வைத்த பின்னரே வேறுபாடு தெரிந்தது. ஒன்பது மணி நேரம் கை கழுவுவோர் யாரும் இலர்.

சாதாரண சோப்பின் தொழில் வேறு. சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெய்ப் பசையை நாடும். தோலின் பசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கும் நுண்ணுயிரும் அதனால் பெயர்ந்து, ஓடும் நீரோடு போய்விடுகின்றன. கொல்வதைவிட அகற்றுவதே இங்கு நோக்கம். சளிக்காய்ச்சலுக்கும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கிற்கும் வைரசுகளே பெரிதும் காரணம். பாக்டீரியாவுக்கென்று சேர்க்கப்படும் பொருளிடம் அவற்றிற்கு எதிராகப் பெரிதாக எதிர்பார்க்க இயலாது. தேய்த்துக் கழுவினால் அவையும் நீரோடு அகலும்.

வினா: ஆய்வுக்கூடத்தை விடுங்கள். குடும்பங்களில் சோதித்துப் பார்த்தார்களா?

விடை: பார்த்தார்கள், அதுவும் நம் நாட்டு நிலைமைக்கு நெருங்கிய சூழலில். கராச்சி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 2002 ஏப்ரல் முதல் ஓராண்டுக்காலம் நடந்த ஆய்வு 2005இல் வெளியாயிற்று. குலுக்கல் முறையில் சுமார் 300 குடும்பங்களுக்குச் சாதாரண சோப்பும், 300 குடும்பங்களுக்கு 1.2 விழுக்காடு டிரைக்ளோகார்பான் சேர்ந்த சோப்பும் இலவசமாக வழங்கப்பட்டன. எது எந்தச் சோப்பு என்பது குடும்பத்தினருக்குத் தெரியாதவாறு இரண்டும் ஒரே தோற்றத்தில் இருந்தன. மூன்றாவது தொகுதியாகிய 306 குடும்பங்களுக்குச் சோப்பு தரப்படவில்லை. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், பேனா போன்றவை கொடுக்கப்பட்டன. பணியாளர்கள் வாரந்தோறும் சென்று, எப்போது எவ்வாறு கை கழுவ வேண்டும் என்று எடுத்துரைத்தனர். யாருக்கு நோய் கண்டது என்றும் குறித்தனர்.

சாதாரண சோப்பு பெற்ற வீடுகளில், சோப்பு பெறாத வீடுகளோடு ஒப்பிட, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா 50 விழுக்காடு குறைந்திருந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டோரிடம் வயிற்றுப்போக்கு 53 விழுக்காடும், தோலில் தோன்றும் சீழ்க்கொப்புளம் 34 விழுக்காடும் குறைந்திருந்தன. கிருமிநாசினி சோப்பு பெற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே பயன்தான். கூடுதலாக ஒன்றும் இல்லை. இந்த ஆய்வுக்குப் பொருளுதவி செய்தவர்களுள் சோப்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றும் இருந்தது என்பதைக் கருதும்போது, இம்முடிவின் மதிப்பு உயர்கிறதே தவிரக் குறையவில்லை.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். இந்தப் பயன் சோப்பின் பயன் மட்டுமன்று. வாரந்தோறும் ஒருவர் வந்து நினைவூட்டியதன் பயனும் ஆகும். ஆய்வு முடிந்து பதினெட்டு மாதங்களுக்குப்பின் மீண்டும் கணக்கெடுத்தபோது, சோப்பு பெற்றிருந்த வீடுகளில் கை கழுவுமிடத்தில் சோப்பும் நீரும் இருப்பது அதிகமாகக் காணப்பட்டது. ஆனால் வயிற்றுப்போக்கு மற்ற வீடுகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் குறைவாக இல்லை. பழக்கம் தளர்ந்தால் பயனும் தளர்கிறது. எந்தச் சோப்பு என்பதைவிட, மலம் கழித்த பின்னும் சமைக்கும் முன்னும் உண்ணும் முன்னும் சோப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

வினா: கூடுதல் நன்மை இல்லையென்றால் இருக்கட்டும், கெடுதல் ஏதும் இல்லையே?

விடை: 2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பான் உள்ளிட்ட 19 பொருள்கள் சேர்ந்த வீட்டு உபயோகக் கிருமிநாசினி சோப்புகளை அந்நாட்டில் விற்கக் கூடாது என்று விதித்தது. சாதாரண சோப்பைவிட அவை மேலானவை என்பதையும், நீண்டகாலப் பயன்பாட்டில் தீங்கற்றவை என்பதையும் தயாரிப்பாளர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இதில் காசநோய் மிகுந்த நம் நாட்டிற்கு ஓர் எச்சரிக்கை உண்டு. டிரைக்ளோசான், பாக்டீரியா தன் கொழுப்பு அமிலத்தை உருவாக்க உதவும் ஒரு நொதியைத் தடுக்கிறது என்பது 1998இல் தெரிய வந்தது. காசநோய்க்குத் தரப்படும் ஐசோநயசிட் மருந்து தாக்குவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த நொதியையே. ஒன்றுக்குத் தப்பிப் பிழைக்கக் கற்ற பாக்டீரியா மற்றொன்றுக்கும் தப்பலாம் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. வீடுகளில் சோப்பின் காரணமாகவே இவ்வாறு நிகழ்ந்தது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. ஆயினும், பயன் தராத ஒன்றுக்காகச் சிறு இடரைக்கூட விலை கொடுத்து வாங்குவானேன்?

வினா: அப்படியானால் கிருமிநாசினியே வேண்டாமா?

விடை: அப்படியன்று. அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர் கையைத் தேய்த்துக் கழுவும் நீர்மம் வேறு. அங்கே அது இன்றியமையாதது. அமெரிக்க விதியும் மருத்துவமனைப் பொருள்களைத் தொடவில்லை. மருத்துவர் குறிப்பிட்டுச் சொல்லும் தோல்நோய்க்கும் புண்ணுக்கும் அவர் சொல்வதையே பின்பற்ற வேண்டும். நீர் கிடைக்காத பயணத்தில், 60 விழுக்காட்டிற்குக் குறையாத ஆல்ககால் உள்ள கைத்தேய்ப்பு நீர்மம் உதவும். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் அதுவும் போதாது.

கடையில் சோப்பு வாங்குவோர் உறையில் வேறொன்றைத் தேடிப் பார்க்கலாம்: மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காடு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குளியல் சோப்பின் முதல் தரத்திற்கு அது 76, இரண்டாம் தரத்திற்கு 70, மூன்றாம் தரத்திற்கு 60. இதற்கும் குறைந்தவை "குளியல் கட்டி" என்ற பெயரில் விற்கப்படுகின்றன. கூடுதல் விலை கொடுப்பதாயின் இந்த எண்ணுக்குக் கொடுப்பது பொருத்தம்.

வினா: கழுவிய நீர் சாக்கடையில்தானே போகிறது? அதற்குமேல் நமக்கென்ன?

விடை: தொம்மலூரின் கழிவுநீர் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகப் பெள்ளந்தூர் ஏரியை நோக்கிச் செல்கிறது. அங்குள்ள சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை செய்பவையும் பாக்டீரியாக்களே. தொட்டிகளில் காற்றைச் செலுத்தினால் அவை பெருகிக் கழிவை உண்டு, திரண்ட சேறாகக் கீழே படிகின்றன. அச்சேற்றின் ஒரு பகுதி அடுத்த நீரைச் சுத்தம் செய்வதற்காக மீண்டும் தொட்டிக்கே அனுப்பப்படுகிறது. இட்லி மாவுக்குப் பழைய மாவில் ஒரு கரண்டி சேர்ப்பதை ஒத்த ஏற்பாடு. பணியாளர் ஒரு லிட்டர் அளவுக் குழாயில் தொட்டிநீரை எடுத்து, அரைமணி நேரத்தில் சேறு எவ்வளவு படிகிறது என்று பார்த்தே பாக்டீரியாக்களின் நலத்தை அறிகிறார். இழைபோன்ற பாக்டீரியாக்கள் மிகுந்துவிட்டால் சேறு படியாமல் மிதக்கும், நுரையும் தோன்றும். டிரைக்ளோகார்பான் போன்ற பொருள்கள் இச்சுத்திகரிப்பில் முழுதும் சிதைவதில்லை. அவற்றின் பெரும்பகுதி சேற்றில் தங்கிவிடுகிறது. அச்சேற்றை உரமாக வயலில் இட்டால் மண்ணுக்கும் போய்ச் சேரும்.

இவ்வாறு இரண்டாம் நிலை வரை சுத்திகரித்த நீர் 2018 முதல் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்குக் குழாய் வழியாக அனுப்பப்படுகிறது. நிலத்தடி நீர் உயர்வதற்கு இது உதவும் என்பது திட்டத்தின் நோக்கம். மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் வேண்டும் என்பது அங்குள்ள விவசாயிகளில் ஒரு சாராரின் கோரிக்கை. தொம்மலூரில் கை கழுவிய நீர் இப்போது இன்னொருவர் வயலின் கிணற்றருகே போய்ச் சேர்கிறது.