தீர்ப்புச் சொல்லாத பிள்ளைகளை உருவாக்குங்கள்

அன்பின் தங்கச்சிக்கு,

கிண்ணியாவில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். இடைவேளை முடிய முன்னமே இரண்டு மூன்று பேர் "டீச்சர், இவன் என்னை..." என்று வந்து நிற்பார்கள். அந்தச் சின்னச் சண்டைகளைப் பிள்ளைகளே பேசி முடிக்கட்டும் என்று தரம் 7, 8 மாணவர்களை மத்தியஸ்தர்களாகப் பழக்க நினைக்கிறீர்கள். நல்ல நினைப்பு. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் கற்பிக்க வேண்டியவற்றில் மிகவும் கடினமானது, தீர்ப்புச் சொல்லாமல் இருக்கும் பழக்கம். அது வந்துவிட்டால் மற்றவை வரும். அது வராவிட்டால் உங்கள் வகுப்பறையில் இன்னும் நாலு குட்டி நீதிபதிகள் முளைப்பார்கள், அவ்வளவுதான்.

ஏன் கடினம்? பிள்ளைகள் பார்த்து வளர்ந்ததெல்லாம் விசாரணையும் தீர்ப்பும்தான். வீட்டில் வாப்பா விசாரிக்கிறார், பாடசாலையில் அதிபர் விசாரிக்கிறார், ஊர்ப் பிணக்கைப் பள்ளிவாசல் நிர்வாகம் விசாரிக்கிறது. ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சட்டையில் ஒரு சின்னத்தைக் குத்தி உட்கார வைத்தால், அது உடனே "பிழை யாருடையது?" என்றுதான் தேடும். பிழையைச் சுமத்தியதும் தோற்ற பிள்ளைக்கு மத்தியஸ்தரோடு இன்னொரு சண்டை தொடங்கும். வேறு வழிக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளைப் பெற்றோர் பலர் அறிவார்கள். அங்கே அமர்வோருக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. இரு தரப்பும் இணங்கினால் அந்த இணக்கத்தை எழுதுகிறார்கள். இணங்காவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள், பிறகு நீதிமன்றம் போகலாம். சபைக்குப் பின்னால் நீதிமன்றம் நிற்பதுபோல உங்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள். அதனால் ஒரு சண்டை தீராமல் போனாலும் அது மத்தியஸ்தரின் தோல்வியாகாது. இதை அவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தரம் 7இல் ஒருவன் கணிதச் சோதனைக்காக மற்றவனிடம் கவராயம் இரவல் வாங்குகிறான். திரும்பி வரும்போது பென்சிலைப் பிடிக்கும் திருகாணி இல்லை. கொடுத்தவன் வகுப்பு முழுக்கக் கேட்க "கள்ளன்" என்கிறான், வாங்கியவன் அவனைத் தள்ளுகிறான். இருவரும் சம்மதித்த பின்னரே மத்தியஸ்தர் இருவர் அவர்களோடு அமர வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, ஏசக் கூடாது, கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்று மூன்று விதிகளைச் சொல்லி ஒப்புதல் வாங்குகிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் சொன்னதை மத்தியஸ்தர் தன் வாயால் திருப்பிச் சொல்லி "சரிதானா?" என்று கேட்கிறார். "புதுக் கவராயம் வாங்கித் தரணும்" என்பதுதான் முதலாமவனின் கோரிக்கை. "அது ஏன் உனக்கு அவ்வளவு முக்கியம்?" என்று கேட்டால்தான் வீட்டில் தனக்கு ஏச்சு விழும் என்ற பயம் வெளிவருகிறது. இரண்டாமவனுக்கு எரிவது கவராயத்தைப் பற்றியல்ல, எல்லாருக்கும் முன்னால் கள்ளன் ஆக்கப்பட்டதைப் பற்றி. இந்த இரண்டும் மேசைக்கு வந்த பிறகு "இனி என்ன செய்யலாம்?" என்ற கேள்விக்கு அவர்களே வழி சொல்வார்கள். திருகாணியைத் தேடிப் பொருத்துவது, கிடைக்காவிட்டால் பாதிப் பணம் கொடுப்பது, அதே வகுப்பில் அந்தச் சொல்லை மீளப் பெறுவது, தள்ளியதற்கு மன்னிப்புக் கேட்பது. யார், எதை, எந்த நாளுக்குள் என்று இரண்டு வரியில் எழுதி இருவரும் ஒப்பமிடுகிறார்கள். "பிழை உன்னுடையது" என்று மத்தியஸ்தர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் அந்தப் பயமும் வெட்கமும் வாய் திறந்திருக்காது.

இதை விரிவுரையால் பழக்க முடியாது. ஒரு தவணை முழுக்க, வாரம் ஒரு பாடவேளை, நடித்துப் பார்க்க விடுங்கள். நாலு பேர் கொண்ட குழுவில் இருவர் சண்டைக்காரர், இருவர் மத்தியஸ்தர், பிறகு மாற்றம். அறையின் ஓரத்தில் இருந்து ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மத்தியஸ்தர் வாயில் "நீ செய்திருக்கணும்", "நீ ஏன் அப்படிச் செய்தாய்" என்பவை வருகின்றனவா? வந்தால் நிறுத்தி அதே இடத்தில் "என்ன நடந்தது?", "அப்போது உனக்கு எப்படி இருந்தது?" என்று மாற்றிக் கேட்கச் செய்யுங்கள். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜோன்சன், ரோஜர் ஜோன்சன் என்ற சகோதரர்கள் வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைக் கற்பித்து, மத்தியஸ்தர் பொறுப்பை முறைமாற்றிக் கொடுத்தார்கள். பயிற்சிக்கு முன் பிள்ளைகள் சண்டையைப் பலத்தாலோ ஆசிரியரிடம் முறையிட்டோ முடித்தார்கள், பயிற்சிக்குப் பின் பேசித் தீர்க்கும் படிகளை நினைவில் வைத்துப் பயன்படுத்தினார்கள் என்பதே அவர்கள் கண்டது. நீங்களும் முடிந்தவரை வகுப்பு முழுவதற்கும் கற்பியுங்கள். இந்த வேலையை மாணவத் தலைவர்களுக்குக் கொடுத்துவிடலாமே என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். பெயர் எழுதி ஆசிரியரிடம் கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. அந்த அதிகாரத்தின் முன் பிள்ளைகள் மனம் திறக்க மாட்டார்கள். அடிக்கடி சண்டையில் சிக்கும் பிள்ளைகளையும் தேர்ந்தெடுங்கள். சண்டைக்காரன் மனது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

மிகப் பெரிய ஆட்சேபம் வேறு. சண்டையென்று வருவதெல்லாம் சண்டையல்ல. ஒருவன் பலசாலி, மற்றவன் பலவீனன், திரும்பத் திரும்ப அடியோ இழிவோ என்றால் அது துன்புறுத்தல். இரு தரப்பையும் சமமாக உட்காரவைத்து "இருவரும் விட்டுக்கொடுங்கள்" என்றால் பாதிக்கப்பட்ட பிள்ளையே விலை கொடுக்கும். ஃபாரிங்டன், டொஃபி என்ற ஆய்வாளர்கள் துன்புறுத்தல் தடுப்புத் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சகமாணவர்களை வைத்துச் செய்த பணி இருந்த திட்டங்களில் துன்புறுத்தலுக்கு ஆளாவது கூடியதையே கண்டார்கள். இந்த எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். அது மத்தியஸ்தத்தின் எல்லையை நமக்குக் காட்டுகிறது. ஆகவே அறைக் கதவிலேயே ஒட்டிவையுங்கள்: காயம், களவு, பணம் பறிப்பு, உடம்பைத் தொட்ட தொல்லை, திரும்பத் திரும்ப வரும் பயமுறுத்தல், வீட்டில் நடக்கும் வன்முறை. இவற்றில் ஒன்று காதில் விழுந்த உடனே மத்தியஸ்தர்கள் அமர்வை நிறுத்தி உங்களிடம் வரவேண்டும். இரகசியம் என்ற விதி இங்கே செல்லாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவையுங்கள். பாரதூரமானதைச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு நீங்கள் அறிவிக்க வேண்டிவரும். பிள்ளையின் தோளில் அதை ஏற்ற வேண்டாம்.

மாணவர் மத்தியஸ்தம் ஆசிரியரின் அதிகாரத்தைக் குறைக்கும் என்று அதிபர் கவலைப்படலாம். கவராயத் திருகாணிக்காக விசாரணை நடத்துவதில் ஆசிரியர் பெறும் அதிகாரம் எதுவும் இல்லை. துன்புறுத்தலைத் தடுப்பதற்கு அவர் நேரமும் கண்ணும் வேண்டும், அதை மீட்டுத் தருவதே இந்த ஏற்பாடு. நடந்த அமர்வுகளின் தொகையைக் காட்டி இது வெற்றி என்று வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிவிடாதீர்கள். ஒப்பமிட்ட ஒவ்வொரு இணக்கத்தையும் ஒரு வாரம் கழித்து மத்தியஸ்தர்களே இரு தரப்பையும் தனித்தனியே கேட்டு, நிலைத்ததா, குலைந்ததா என்று குறிக்கட்டும். குலைந்தவற்றை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே யாரோ தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள், அல்லது சம்மதம் கேட்காமல் உட்காரவைத்திருப்பார்கள், அல்லது அது சண்டையே அல்லாமல் துன்புறுத்தலாக இருந்திருக்கும். அடுத்த தவணைப் பயிற்சியை அந்தப் பதிவிலிருந்தே தொடங்குங்கள்.