நோயாளி உண்மை, கணக்கு யாருடையது?

சமூக ஊடகங்களில் வரும் மருத்துவ உதவி வேண்டுகோள்களை எவ்வாறு சரிபார்ப்பது என்று எங்கள் கட்டணப் பிரிவில் பலர் கேட்கின்றனர். விடையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

எட்டு வயதுச் சிறுவனின் படம். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு 18 இலட்சம் ரூபாய் தேவை என்னும் மருத்துவமனைக் கடிதம். அதன் கீழே தந்தையின் பெயர், வங்கிக் கணக்கு எண், கியூஆர் குறியீடு. சிறுவன் உண்மையாகவே அங்குச் சிகிச்சை பெறுகிறான், கடிதமும் உண்மை. ஆனால் பெற்றோர் வெளியிட்ட வேண்டுகோளை யாரோ பிரதியெடுத்து, கணக்கு எண்ணையும் கியூஆர் குறியீட்டையும் மட்டும் மாற்றிப் பரப்பிவிட்டார். நோயாளி உண்மையா என்று மட்டும் விசாரித்து அனுப்பியவரின் பணம் அந்தச் சிறுவனுக்குச் சேராது. ஆகவே நோயாளி, மருத்துவமனை, கணக்கு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைகின்றனவா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

முதலில் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். சிகிச்சை முடிந்து குழந்தை வீடு திரும்பிய பின்னரும் பழைய வேண்டுகோள்கள் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். உத்தேசச் செலவுக் கடிதத்தில் நோயாளியின் பதிவு எண், சிகிச்சையின் பெயர், மருத்துவரின் கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். தேதியும் பதிவு எண்ணும் வெட்டப்பட்டோ மங்கலாகவோ இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம். படத்தைக் கூகுள் லென்ஸில் தேடினால் அதே வேண்டுகோளின் முந்தைய பதிவு சில வேளைகளில் கிடைக்கும். இரண்டிலும் கணக்கு எண் வேறுபட்டால் காரணம் தெரியும் வரை பணம் அனுப்ப வேண்டாம்.

அடுத்து மருத்துவமனையை அழையுங்கள். வேண்டுகோளில் அச்சிட்டுள்ள எண்ணை அழைத்தால் மறுமுனையில் பேசுபவர் மோசடி செய்தவராகவே இருக்கக்கூடும். எனவே மருத்துவமனையின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணையே அழையுங்கள். “அந்தச் சிறுவனுக்கு என்ன நோய்?” என்று கேட்டால் ஊழியர் சொல்ல மாட்டார், நோயாளியின் சம்மதமின்றி அவ்விவரத்தை வெளியிடலாகாது. இம்மறுப்பைக் கண்டு வேண்டுகோள் பொய் என்று முடிவு செய்வோரும் உளர், அது தவறு. “இந்தப் பெயருக்கும் பதிவு எண்ணுக்கும் மருத்துவமனைக் கணக்கில் நேரடியாகப் பணம் செலுத்தி இரசீது பெறலாமா?” என்று கேளுங்கள். செலுத்தலாம் என்றால் நோய் விவரம் எதுவும் வெளிவராமலே உங்கள் ஐயம் பெரிதும் தீர்ந்துவிடும். கணக்கு விவரத்தையும் அதே அழைப்பிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். இவ்வழியில் ஒரு குறை உண்டு: உடனிருப்போரின் தங்குமிடம், உணவு, வெளியில் வாங்கும் மருந்து ஆகியவற்றுக்கு அப்பணம் பயன்படாது.

அத்தகைய செலவுக்காகக் குடும்பத்தாரின் கணக்கிற்கே அனுப்ப விரும்பினால் பெயரைச் சரிபாருங்கள். யுபிஐயில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தவுடன், பின் எண்ணைக் கேட்கும் முன்னரே, பணம் பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். அவசரத்தில் நாம் படிக்காமல் கடந்துவிடுவது அந்த வரியைத்தான். என்இஎஃப்டி முறையில் பணம் கணக்கு எண்ணைக் கொண்டே வரவு வைக்கப்படுகிறது. நீங்கள் எழுதும் பெயர் பொருந்தாவிட்டாலும் பணம் போய்விடும். இதற்காகவே, கணக்கு எண்ணை இட்டதும் உரியவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்துமாறு வங்கிகளை ரிசர்வ் வங்கி பணித்தது. உங்கள் வங்கிச் செயலியில் அவ்வசதியைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

திரையில் வேறு பெயர் வந்தால் அது மோசடியென்றே கொள்ள வேண்டியதில்லை. தந்தையிடம் யுபிஐ இல்லாததால் தாய்மாமன் கணக்கைக் கொடுத்திருக்கலாம். மருத்துவமனையின் சமூகப்பணி அலுவலர் வழியாக உடனிருப்பவரைத் தொடர்புகொண்டு, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள்.

வேண்டுகோள் வெளியிடும் குடும்பத்தாருக்கும் ஒன்று கூறுவோம். உதவி செய்வதாக அழைத்து, பணம் பெற உங்கள் பின் எண்ணை இடச் சொல்வோர் உண்டு. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. அதை இட்டால் உங்கள் பணமே வெளியேறும். வேண்டுகோளில் தேதியையும் மருத்துவமனைத் தொலைபேசி எண்ணையும் குறிப்பிடுங்கள். ஆதார் அட்டையின் படத்தை இணைக்காதீர்கள். தேவை நிறைவேறியதும் அச்செய்தியை அதே பக்கத்தில் அறிவியுங்கள். உங்கள் குழந்தையின் படத்துடன் வேறு கணக்கு எண் உலவுவதைக் கண்டால் அதைத் திரைப்பிடிப்பாகச் சேமித்து cybercrime.gov.in தளத்தில் புகார் அளியுங்கள். பணம் அனுப்பி ஏமாந்தவர் சற்றும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைத் தெரிவிக்க வேண்டும். பணம் கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன் தகவல் கிடைத்தால் அதை முடக்கி வைக்க வாய்ப்புண்டு.