ஸ்பேனர் பிடிக்கும் அகலமும் பாடநூல் கேட்கும் பக்கமும்

கடந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அளவியல் பாடம் முடித்த கையோடு கரும்பலகையில் நானே ஒரு கணக்கை எழுதிப்போட்டேன். எங்கள் பள்ளி கோவையில் லேத் பட்டறைகள் நிறைந்த பகுதியில் இருக்கிறது. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் பட்டறைக்குப் போகிறவர்தான். அதனால் கணக்கும் பட்டறையிலிருந்தே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"24 மி.மீ. அறுங்கோண எஃகுக் கம்பியிலிருந்து 40 மி.மீ. நீளத்தில் 200 துண்டுகள் வேண்டும். எத்தனை கிலோ கம்பி வாங்க வேண்டும்? எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம்."

ஒழுங்கு அறுங்கோணத்தின் பரப்புக்கு நாம் சொல்லித்தரும் சூத்திரம் (3√3/2) × a². இங்கே a என்பது பக்கம். நான் a = 24 என்று பிரதியிட்டேன். பரப்பு 1496.5 சதுர மி.மீ., அதாவது 14.965 சதுர செ.மீ. மொத்த நீளம் 8 மீட்டர், அதாவது 800 செ.மீ. கன அளவு 11,972 கன செ.மீ. அதை 7.85 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 94 கிலோ வருகிறது. வகுப்பே அதைக் குறித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் ஒரு மாணவன் தயங்கித் தயங்கி வந்தான். "டீச்சர், அப்பா நோட்டப் பாத்துட்டுச் சிரிக்கிறாரு. முப்பத்துநாலு கிலோ வாங்கினாப் போதுமாம்" என்றான்.

அவன் அப்பா சொந்தமாக ஒரு லேத் வைத்திருப்பவர். இந்தக் கம்பியைக் கடையில் எடைபோட்டுத்தான் வாங்குகிறார். 94 கிலோவுக்குப் பணம் கட்டினால், வேலை முடிந்த பிறகும் அறுபது கிலோ கம்பி மூலையில் கிடக்கும். அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் என் கணக்கில் எந்தப் படியிலும் எனக்குத் தவறு தெரியவில்லை. 94ஐ 34 ஆல் வகுத்துப் பார்த்தேன். 2.76 வந்தது. அதிலிருந்தும் ஒன்றும் புரியவில்லை.

அன்று மாலை பட்டறைக்கே போனேன். முப்பத்துநாலு எப்படி வந்தது என்று கேட்டேன். "ஒவ்வொரு துண்டுக்கும் பிளேடு மூணு மில்லி தின்னுருமுங்க டீச்சர். நாப்பதுன்னு போட்டீங்கன்னா கடைசியில கம்பி பத்தாதுங்க" என்றார். அதாவது அவர் போட்ட நீளம் 200 × 43 = 8600 மி.மீ. அந்த வெட்டுச் சேதாரத்தை நீக்கிவிட்டு 8 மீட்டருக்கு மட்டும் அவர் முறையில் கணக்கிட்டால் 31.3 கிலோ. இப்போது 94ஐ வகுத்தேன். விடை மூன்று. சரியாக மூன்று என்று வந்ததும், தவறு பெருக்கலில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது என்று பட்டது.

அவர் ஒரு 24 ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கம்பியின் முனையில் மாட்டிக் காட்டினார். "இருபத்திநாலுன்னா இதுதானுங்க." ஸ்பேனரின் வாய் கம்பியின் எதிரெதிரான இரண்டு தட்டை முகங்களைப் பிடித்திருந்தது. கம்பிக்கடையில் சொல்லும் அளவும் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண்ணும் இந்த அகலம்தான். இதை எதிர்முக அகலம் என்று வைத்துக்கொள்வோம். பாடநூல் கேட்பது அறுங்கோணத்தின் பக்கம். நான் முன்னதை எடுத்துப் பின்னதன் இடத்தில் போட்டுவிட்டேன்.

சதுரக் கம்பியில் இந்தக் குழப்பம் வருவதில்லை. அங்கே எதிர்முக அகலமும் பக்கமும் ஒன்றே. 24 மி.மீ. சதுரக் கம்பி என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு 24 × 24 = 576 சதுர மி.மீ., அவ்வளவுதான். அறுங்கோணத்தில் பக்கம் என்பது எதிர்முக அகலத்தை √3 ஆல் வகுத்தால் கிடைப்பது. 24க்குப் பக்கம் 13.86 மி.மீ. சூத்திரத்தில் பக்கத்தை வர்க்கப்படுத்துகிறோம் அல்லவா? √3 மடங்கு பிழை வர்க்கமாகும்போது மூன்று மடங்காகிவிடுகிறது.

இதை வகுப்பில் மறுபடி எடுத்தபோது √3 உடன் தொடங்கவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு காகித அறுங்கோணம் கொடுத்தேன். தட்டைப் பக்கங்கள் மேலும் கீழுமாக இருக்கும்படி வைத்தால் நடுவில் ஒரு செவ்வகமும், இடமும் வலமும் ஒவ்வொரு முக்கோணமும் தெரியும். இட முக்கோணத்தை வெட்டி எடுத்து, அதைக் கிடைமட்டமாக இரண்டாக வெட்டி, வல முக்கோணத்தின் மேலும் கீழும் இருக்கும் காலி இடங்களில் பொருத்தச் சொன்னேன். அறுங்கோணம் முழுச் செவ்வகமாகிவிட்டது. அதன் உயரம் எதிர்முக அகலம் s. நீளம் ஒன்றரைப் பக்கம். பக்கத்துக்குப் பதிலாக s/√3 என்று எழுதினால் பரப்பு கிடைத்துவிடுகிறது:

A = (√3/2) × s² = 0.866 × s²

இனி பக்கத்தைத் தேடவே வேண்டாம். வெர்னியர் அளவியின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் கிடைக்கும் எண்ணை நேரடியாகப் போடலாம். 24 மி.மீ. கம்பிக்கு 0.866 × 576 = 498.8 சதுர மி.மீ. வருகிறது.

மாணவனின் அப்பா 300 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். முதலில் எடையைக் கணக்கிட்டு எழுதிவிட்டு, பிறகுதான் தராசில் வைக்க வேண்டும் என்று விதி வைத்தேன். பலரும் 24 என்றே எடுத்து 1175 கிராம் என்று எழுதினார்கள். இரண்டு பேர் மட்டும் வெர்னியர் அளவியால் அளந்தார்கள். அவர்களுக்கு 2.39 செ.மீ. கிடைத்தது. அதை வர்க்கப்படுத்தி 0.866 ஆல் பெருக்கினால் 4.947 சதுர செ.மீ. நீளம் 30 செ.மீ., ஆகவே கன அளவு 148.4 கன செ.மீ. எடை 1165 கிராம். பக்கத்து மளிகைக் கடையின் மின்னணுத் தராசு 1160 கிராம் காட்டியது.

இந்தப் பத்து கிராம் வித்தியாசத்தில் நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம். அகலத்தில் 0.1 மி.மீ. மாறினால் அது ஏறக்குறைய 0.4 விழுக்காடு. அகலம் வர்க்கமாவதால் எடையில் அது இரட்டிப்பாகி 0.8 விழுக்காடு ஆகிறது. நீளத்தில் வரும் பிழை அப்படி இரட்டிப்பாவதில்லை. எனவே நீளத்துக்குச் சாதாரண அளவுகோல் போதும், அகலத்துக்குத்தான் வெர்னியர் அளவி வேண்டும். அச்சில் இழுத்து வழவழப்பாக வரும் கம்பிகளில் அனுமதிக்கப்படும் விலகல் குறைவான பக்கம்தான் இருக்கும். வழக்கமான தரத்தில் 24 மி.மீ. கம்பி 0.13 மி.மீ. வரை குறையலாம். ஆகவே 23.9 என்று வந்தது அளவியின் பிழை அல்ல. மீதி ஐந்து கிராமுக்கு, லேசாக மழுங்கிய விளிம்புகளும், ஐந்து ஐந்து கிராமாக மட்டுமே காட்டும் அந்தத் தராசும் போதிய காரணங்கள்.

ஒரு மாணவி 1566 கிராம் என்று எழுதியிருந்தாள். அவளது நோட்டைத் திருத்துவதற்கு முன் அந்த எண்ணை 1175 ஆல் வகுத்துப் பார்த்தேன். 1.33, அதாவது நான்கில் மூன்றின் தலைகீழ். அவள் முகத்திலிருந்து முகத்துக்கு அளக்கவில்லை, முனையிலிருந்து முனைக்கு அளந்திருந்தாள். எதிர்முனை அகலம் எதிர்முக அகலத்தைப் போல 1.155 மடங்கு. அது வர்க்கமாகும்போது மூன்றில் நான்கு ஆகிறது. இன்னொருவன் அகலத்தில் பாதியான 12ஐப் பக்கமாகக் கொண்டிருந்தான். அவன் விடை சரியான விடையில் முக்கால் பங்கு. மூன்று மடங்கு, ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல், முக்கால் என்று வரும் இந்த விகிதங்கள், மாணவர் எந்தக் கோட்டை அளந்தார் என்று சொல்லிவிடும். பத்து அல்லது நூறு மடங்கு மாறியிருந்தால் அது வேறு கதை. கன மி.மீட்டரைக் கன செ.மீட்டராக மாற்ற 1000 ஆல் வகுப்பதற்குப் பதில் 10 ஆலோ 100 ஆலோ வகுத்திருப்பார்கள்.

பட்டறையில் அவர் 34 கிலோவை எப்படிப் போட்டார் என்று சொல்லவில்லையே. சுவரில் சாக்கட்டியால் மூன்று எண்கள் எழுதியிருந்தார்: உருண்டைக்கு 162, அறுகோணத்துக்கு 147, சதுரத்துக்கு 127. மி.மீட்டரில் உள்ள அளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 576ஐ 147 ஆல் வகுத்தால் 3.92 கிலோ. அதை 8.6 மீட்டரால் பெருக்கினால் 33.7 கிலோ. கட்டட வேலையில் கம்பி கட்டுபவர்களுக்கு இந்த 162 நன்றாகத் தெரியும். மற்ற இரண்டும் அதன் உடன்பிறப்புகள்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். ஒரு சதுர மி.மீ. குறுக்குவெட்டும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள எஃகு ஒரு கன செ.மீ. இருக்கும். அதன் எடை 7.85 கிராம், அதாவது 0.00785 கிலோ. சதுரத்துக்கு அதன் தலைகீழி 127.4. அதை 0.866 ஆல் வகுத்தால் 147.1. வட்டத்துக்கு உரிய π/4 ஆல், அதாவது 0.7854 ஆல் வகுத்தால் 162.2. பதினொரு பேர் இதைச் சரியாகச் செய்து வந்தார்கள். எனக்கு அது போதுமானதாகவே பட்டது.

சதுரக் கம்பிக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. பழுக்கக் காய்ச்சி உருட்டிச் செய்த சதுரக் கம்பிகளின் மூலைகள் கூர்மையாக இருப்பதில்லை. 24 மி.மீ. கம்பியின் மூலை 1.5 மி.மீ. ஆரத்தில் உருண்டிருந்தால் நான்கு மூலைகளிலும் சேர்ந்து சுமார் 2 சதுர மி.மீ. குறையும். 576இல் அது சிறிய பங்கு. மேல்நிலை வகுப்புகளில் வேண்டுமானால் அதைக் கழிக்கச் சொல்லலாம். நான் ஒன்பதாம் வகுப்பில் விட்டுவிட்டேன். அதேபோல, நாம் கிலோவில் சொல்வது அறிவியல் பாடத்தின்படி நிறை, எடை நியூட்டனில் வரும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு, பட்டறைப் பேச்சில் உள்ளபடி எடை என்றே தொடர்ந்தேன்.

இந்த ஆண்டு அதே கணக்கை "எதிர்முக அகலம் 24 மி.மீ., வெட்டுச் சேதாரம் துண்டுக்கு 3 மி.மீ." என்று திருத்தி எழுதிப்போட்டேன். எல்லோருக்கும் 33.7 கிலோ வந்தது. ஒரு பையன் மட்டும் பித்தளைத் துண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, இதற்கும் 147 தானா என்று கேட்டான். வடிவம் மாறவில்லை, எனவே 0.866 அப்படியே நிற்கும். அடர்த்தி 8.5 என்று கொண்டு அவனையே வகுக்கச் சொன்னேன். 136 என்று பலகையில் எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.