பதினெட்டு ஆகலைன்னா ஒண்ணும் செய்ய முடியாதா?

"பையனுக்கு இன்னும் பதினெட்டு ஆகல, போலீஸ் ஒண்ணும் பண்ண முடியாது." ஈப்போ புந்தோங்கிலிருந்து சுங்கை சிப்புட்டின் பழைய ரப்பர் தோட்டங்கள் வரை இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பெற்றோர் ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள். கும்பல்காரன் தன் காரியத்துக்காகச் சொல்கிறான். அதை நம்பித்தான் பையன் அவனுடைய பையை வாங்கி வீட்டில் வைக்கிறான்.

மலேசியாவில் குற்றப் பொறுப்பு 10 வயதில் தொடங்குகிறது, ஐயா! தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு பத்துக்குக் கீழே உள்ளவர்களை மட்டுமே முற்றாக விலக்குகிறது. 10இலிருந்து 12க்குள் என்றால், செய்ததைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லை என்று வாதாடலாம். அதன் பிறகு அந்த வாதமும் கிடையாது.

கைப்பேசி திருடினான் என்றால் சிறார் நீதிமன்றம்: ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு ஆலோசகர்கள், அவர்களில் ஒருவர் பெண். ஆனால் மரண தண்டனைக்குரிய குற்றங்களை அங்கே விசாரிக்க முடியாது. பையில் 200 கிராம் கஞ்சா இருந்தால் சட்டம் அதைக் கடத்தல் என்றே அனுமானிக்கும். அனுமானத்தை உடைக்க வேண்டியது பையனின் பாடு. கட்டாய மரண தண்டனை 2023இல் நீங்கினாலும் மரண தண்டனை சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஆகவே பதினைந்து வயதானாலும் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும்.

"தூக்கு கிடையாதே" என்பார்கள். கிடையாதுதான். அதற்குப் பதிலாக, 2001 சிறார் சட்டத்தின் 97ஆம் பிரிவின்படி, பேராக்கில் நடந்த குற்றமென்றால் சுல்தானின் விருப்பம் உள்ளவரை காவல். விடுதலைத் தேதியே இல்லாத தண்டனை அது. கோலாலம்பூரில் 2002இல் நடந்த கொலை வழக்கில் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு மாமன்னரின் பெயரில் இதே உத்தரவு கிடைத்தது. 2007 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு முரண் என்று அவனை விடுவித்தது. அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, காவல் செல்லும் என்றது. ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை உண்டு, அவ்வளவுதான்.

"ரெண்டு பிரம்படியோட விட்டுடுவாங்க": சிறார் நீதிமன்றத்தின் பிரம்படி அதிகாரம் 2016 திருத்தத்தில் நீங்கிவிட்டது. "ஒத்துக்கிட்டா அன்னிக்கே வீட்டுக்கு": நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை வராமல் உத்தரவு வராது. "கவுன்சிலிங் கொடுத்து கேஸை மூடிடுவாங்க": சிங்கப்பூரில் ஆறு மாத வழிகாட்டுத் திட்டத்தை முடித்தவரைக் கண்டிப்பான எச்சரிக்கையோடு விடுவதுண்டு. நம் 2001 சட்டமும் 2016 திருத்தமும் அப்படியொரு முறையை வகுக்கவில்லை. நன்னடத்தைப் பிணை, சமூக சேவை எல்லாம் நீதிமன்றப் படியேறி, குற்றம் உறுதியான பிறகுதான்.

சிறார் நீதிமன்றம், தூக்கிலிருந்து விலக்கு என்ற இந்தச் சலுகைகள் எல்லாமே வயதை வைத்துத்தான். தோட்டத்தில் பிறப்புப் பத்திரமே எடுக்காத பிள்ளைக்கு வயதை எதை வைத்துக் காட்டுவீர்கள்? சிறார் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி நீதிமன்றம் விசாரித்து ஒரு வயதை அறிவிக்கும். பதினேழு வயதுப் பையனைப் பதினெட்டு என்று அது முடிவுசெய்தால் அவன் பெரியவர்களோடுதான் நிற்பான். வழக்கு வரும்வரை காத்திருக்காமல், பிரசவ அட்டையையும் பள்ளிப் பதிவேட்டின் நகலையும் தேடி எடுத்துக்கொண்டு இந்த வாரமே தேசியப் பதிவுத் துறைக்குப் போங்கள்.