கொலு சீசனுக்குச் சரக்கு எடுப்பது எப்படி? அக்கா சொல்லும் கணக்கு

தங்கச்சி, கடை நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவதற்கு முன்னால் காலண்டரை எடு. 2025-இல் மகாளய அமாவாசை செப்டம்பர் 21. 2026-இல் அது அக்டோபர் 10, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு நவராத்திரி ஆரம்பம். தீபாவளியும் அக்டோபர் 20-இலிருந்து நவம்பர் 8-க்கு நகர்ந்துவிட்டது. ‘போன வருஷம் ஆகஸ்ட் 15-ல சரக்கு இறக்கினோம், இந்த வருஷமும் அதே தேதி’ என்று இங்கிலீஷ் தேதியைப் பிடித்துக்கொண்டால், பணம் மூன்று வாரம் முன்னாடியே அலமாரியில் போய் முடங்கிவிடும். மகாளய அமாவாசையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணு. நோட்டிலும் ‘அமாவாசைக்கு முன் 8-வது வாரம்’ என்றே எழுது. வருஷா வருஷம் அந்தக் கணக்கு மாறாது.

நம் மாதிரி சின்ன கிஃப்ட் ஷாப்புக்கு நவராத்திரியில் இரண்டு விதமான வியாபாரம் நடக்கிறது. ஒன்று கொலு பொம்மை. இன்னொன்று, கொலு பார்க்க வருபவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற சின்னப் பரிசு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே நாளில் வாங்கப் போவதுதான் சிக்கல். பொம்மை, படி கட்டுகிற நாளோடு முடிந்தது. நவராத்திரி முதல் நாள் சாயங்காலத்துக்குப் பிறகு தசாவதார செட் கேட்டு யாரும் வருவதில்லை. தாம்பூலப் பரிசோ அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் சூடு பிடித்து, சரஸ்வதி பூஜை வரைக்கும் ஓடும். 2026-இல் நவராத்திரி வெள்ளி அக்டோபர் 16. அதை ஒட்டிச் சனி, ஞாயிறு, திங்கள் சரஸ்வதி பூஜை. அந்த நாலு நாளில்தான் ஆளுக்கு ஆள் வீட்டுக்கு அழைப்பார்கள். உன் பரிசு வியாபாரத்தின் உச்சம் அதற்கு முந்தின புதன், வியாழன்.

பொம்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சின்னக் கடைக்கு அதில் நிறைய முதல் போடாதே என்பதுதான் என் கட்சி. பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம், மதுரை விளாச்சேரி, காஞ்சிபுரம் என்று செய்கிற ஊர்கள் இருக்கின்றன. மண் பொம்மை அச்சில் எடுத்து, காயவைத்து, சுட்டு, வர்ணம் தீட்ட வெயில் வேண்டும். அதனால் நல்ல வெயில் காலத்திலேயே அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குத்தான் நல்ல முகம் கிடைக்கும். ஆவணியில் போனால் மற்றவர்கள் கழித்ததுதான் மிஞ்சும். வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வைக்க வேண்டும் என்ற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அந்த ஒற்றைப் பொம்மைதான் நம் வியாபாரம். பெரிய செட் வாங்குகிறவர் பூம்புகார் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் வருவார், விலையும் பேசுவார். செட்டியார் ஜோடி, சின்னக் கல்யாண செட், பிள்ளைகளுக்குப் பிடிக்கிற கிரிக்கெட் செட் ஒன்றிரண்டு போதும். பெட்டி வந்து இறங்கிய அன்றே பிரித்து விரல் நுனி, வீணைக் கழுத்து, மூக்கு மூன்றையும் பார். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே பேசி, பில்லில் எழுதி வாங்கிக்கொள். பெட்டிகளைத் தரையில் அடுக்காமல் பலகை போட்டு வை. 2026-இல் நவராத்திரி முடியும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாளும் நெருங்கிவிடும். ஓதம் ஏறினால் மண் பொம்மையில் வர்ணம் பொரியும், காகிதக்கூழ் பொம்மையில் வாடை வரும்.

இனி பரிசுப் பொருள். கடைக்கு வருகிற அம்மா கேட்கிற கேள்வியைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாயா? “அம்பது ரூபாய்க்குள்ள என்ன இருக்கு? இருபத்தஞ்சு பீஸ் வேணும்.” அவர் பொருளின் பெயரையே சொல்லவில்லை. விலையைச் சொன்னார், எண்ணிக்கையைச் சொன்னார். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்கு ஒன்று, எதிர் வீட்டுக்கு வேறொன்று என்று கொடுத்தால் பேச்சு வந்துவிடும். ஆனால் மொத்தக் கடையில் நின்றால் நமக்கு எல்லாமே அழகாகத்தான் தெரியும். நாற்பது வகையில் வகைக்கு ஒரு டஜன் எடுத்து வந்துவிடுகிறோம். கடை நிறைந்து தெரியும், இருபத்தைந்து கேட்டவருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. வகையைக் குறை, எண்ணிக்கையைக் கூட்டு.

ஒரு லட்சம் முதல் வைத்திருக்கிற கடைக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பொம்மைக்கு 25 ஆயிரம். பரிசுக்கு 60 ஆயிரம். மீதி 15 ஆயிரத்தைத் தொடாதே, அதற்கு அப்புறம் வருகிறேன். அந்த 60-இல் ஜூலையில் 40 ஆயிரத்துக்கு மட்டும் வாங்கு. 50 ரூபாய்க்கு விற்கிற பொருள் உனக்கு 32 ரூபாய்க்கு அடங்குகிறது என்றால், எட்டு வகையில் நூறு நூறு எடுத்தால் 25,600 ரூபாய். குங்குமச்சிமிழ், சின்ன அகல், வளையல் பெட்டி, சணல் பை, கண்ணாடி வைத்த சிமிழ் மாதிரி. 100 ரூபாய் ரகத்தில் மூன்று நான்கு வகை, வகைக்கு மூன்று டஜன். இதற்கு ஒன்பதாயிரம் சொச்சம் போகும். மிச்சம் பைக்கும் ஸ்டிக்கருக்கும். பரிசில் பாக்கி 20 ஆயிரத்தை அமாவாசைக்கு மூன்று வாரம் முன்னால் எடு. அதற்குள் வருகிற புக்கிங்கிலேயே எட்டு வகையில் எந்த மூன்று நகர்கிறது என்று தெரிந்துவிடும், அந்த மூன்றில் மட்டும் போடு. புது டிசைன் பார்த்து மனசு அலைபாயக் கூடாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் தெரியுமா? ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள். நூறு பீஸுக்கு நீ கொடுத்தது 3,200. ஐம்பது வீதம் 64 பீஸ் விற்றால்தான் அந்த 3,200 கைக்கு வரும். 65-ஆவது பீஸிலிருந்துதான் உனக்கு ஒரு ரூபாய் மிச்சம். எழுபது விற்றால் ‘நல்லா போச்சு’ என்று தோன்றும். கையில் நின்றது 300 ரூபாய்தான், பாக்கி முப்பது பீஸ் அலமாரியில் தூங்கும். பீஸுக்கு 18 ரூபாய் லாபம் என்று பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இந்த முப்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த முப்பதை 35 ரூபாய்க்குத் தள்ளினால்கூட 1,050 வரும். அதற்குப் பொருள் தள்ளத் தக்கதாக இருக்க வேண்டும். ஆகவே வாங்கும்போதே கேட்டுக்கொள்: இது விஜயதசமிக்கு மறுநாள் யாருக்கு வேண்டும்? அகலுக்குக் கார்த்திகை இருக்கிறது. சிமிழுக்குத் தை மாதக் கல்யாணமும் வளைகாப்பும் இருக்கின்றன. சணல் பையில் ‘நவராத்திரி வாழ்த்துகள்’ என்று அச்சடித்துவிட்டால் அதற்கு அடுத்த புரட்டாசி வரை வேலை இல்லை. பையில் ஒரு கோலமோ மாங்காய் டிசைனோ போதும்.

பித்தளை என்று சொல்லிக் கொடுப்பதை நம்பிவிடாதே. பையில் ஒரு சின்னக் காந்தம் போட்டுக்கொண்டு போ. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. ஒட்டவில்லை என்பதால் மட்டும் பித்தளை ஆகிவிடாது, அலுமினியத்திலும் ஒட்டாது. கையில் எடுத்துக் கனம் பார். பூச்சுப் பொருள் விற்கக் கூடாது என்பதில்லை, பூச்சு என்று சொல்லி விற்க வேண்டும். மொத்தமாக எடுப்பதற்கு முன் சாம்பிள் ஒன்று வாங்கி, ஈரக் குங்குமம் கொஞ்சம் வைத்து இரண்டு நாள் விட்டுப் பார். கறுத்தால் விட்டுவிடு. காசு கொடுப்பதற்கு முன்னாலேயே “மிஞ்சினதை மாத்தித் தருவீங்களா அண்ணே?” என்று கேள். பணம் திருப்பித் தர மாட்டார்கள், வேறு சரக்காக மாற்றித் தருகிறவர்கள் உண்டு. அப்படித் தருகிற கடையில் பீஸுக்கு ஒரு ரூபாய் கூடினாலும் அங்கேயே எடு.

விளம்பரத்துக்கு வருவோம். தள்ளுபடி போடாதே. 18 ரூபாய் லாபத்தில் பத்து சதவீதம் தள்ளினால் ஐந்து ரூபாய் போய்விடுகிறது, லாபத்தில் கால்வாசிக்கு மேல். அதற்குப் பதில் உழைப்பைக் கொடு. இருபத்தைந்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு மஞ்சள், குங்குமம், பாக்குப் பொட்டலம், பரிசு எல்லாம் பையில் போட்டுக் கட்டி, குடும்பப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் என்று சொல். வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஐந்து ரூபாய் குறைவதைவிட இது பெரிது.

இதைச் சொல்ல வேண்டிய நேரம் ஆவணி. சில வீடுகளில் மகாளய பட்சத்தில் சுபப் பொருள் வாங்க மாட்டார்கள். அவர்களிடம் பௌர்ணமிக்கு முன்பே புக்கிங் வாங்கிக்கொண்டு, அமாவாசை கழிந்து டெலிவரி கொடு. முன்பணம் மூன்றில் ஒரு பங்கு கேள். அந்தப் பணம்தான் உன் இரண்டாவது கொள்முதலுக்குக் கை கொடுக்கும். அட்வான்ஸ் வாங்காத ஆர்டரை ஆர்டர் என்று நோட்டில் எழுதாதே. “சொல்லி வைக்கிறேன், எடுத்து வைங்க” என்பவர் பாதி நாள் வர மாட்டார்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். உன் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஐந்நூறு பேருக்கு அனுப்பிவிட்டு ‘யாரும் பதில் போடலையே’ என்று வருத்தப்படுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. ஆனியிலேயே பில் போடும்போது, “நம்பர் சேவ் பண்ணிக்கோங்க, கொலு சரக்கு வந்ததும் போட்டோ அனுப்புறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவை. போட்டோவில் பொருளை உள்ளங்கையில் வைத்து எடு, அளவு தெரியும். கீழே விலையும் குறைந்தபட்ச எண்ணிக்கையும் கடைசி புக்கிங் தேதியும். வேறு எதுவும் எழுதாதே.

அந்த 15 ஆயிரம்? அது நவராத்திரி மூன்றாம் நாள் வரைக்கும் கையில் இருக்கட்டும். ஒரு ரகம் திடீரென்று தீரும், நாற்பது பீஸ் கேட்டு ஒருவர் நிற்பார், அன்று உள்ளூர் மொத்தக் கடையில் ரொக்கம் கொடுத்து எடுக்க அது வேண்டும். அப்படி நேரம் வராவிட்டால் தீபாவளி கிஃப்ட் பாக்ஸுக்கு ஆயிற்று. எப்படியும் விஜயதசமி ராத்திரி கடை சாத்துவதற்கு முன் மிஞ்சியதை வகைவாரியாக எண்ணி எழுதிவிடு. மறுநாள் தீபாவளிச் சரக்கு உள்ளே வந்தால் எது பழசு, எது புதுசு என்று தெரியாமல் கலந்துவிடும்.

ஜூலை 17 ஆடி ஒன்று. அதற்கு முந்தின வாரமே சென்னை போய் வந்துவிடு. பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மொத்தக் கடைகள் பூட்டியிருக்கும், வார நாளில் காலையிலேயே போய் நில்.