எல்லையை மாற்றுங்கள், பெட்டியை அல்ல

வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்று கொழுந்து நிறுப்பது கிலோவில், அரிசி வாங்குவது கிலோவில், மரக்கறி லொறியில் ஏறுவதும் கிலோவில்தான். இறாத்தல் என்ற சொல் மிஞ்சியிருப்பது பாண் கடையில். ஆனால் இங்கிருந்து ஒருவர் கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ புறப்படும்போது அந்தப் பழைய அளவு மறுபடி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அந்தப் பயணங்களின் சாதாரண வகுப்புச் சீட்டுகளில் ஒரு பெட்டிக்கு 23 kg / 50 lb என்று அச்சிட்டிருப்பது வழக்கம். lb என்பதுதான் நம்முடைய இறாத்தல். நடுவில் ஒரு சாய்கோடு இருப்பதால் இரண்டும் ஒரே நிறை என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். அப்படி இல்லை. 23 கிலோவைச் சரியாக மாற்றினால் 50.7 இறாத்தல் வரும். 50 இறாத்தலைச் சரியாக மாற்றினால் 22.68 கிலோதான் வரும். இடையில் 320 கிராம் நிற்கிறது; முக்கால் இறாத்தல் பாணுக்குச் சற்றுக் குறைவான நிறை. விமான நிறுவனங்கள் சொல்வதற்கு எளிதாக இருக்கட்டும் என்று இரண்டையும் முழு எண்ணாக வெட்டியதால் வந்த இடைவெளி இது. பெட்டி கட்டுபவர் இந்த 320 கிராமை எந்தப் பக்கம் வைக்கிறார் என்பதில்தான் கணக்கே இருக்கிறது.

ஒரு இறாத்தல் என்பது 0.45359237 கிலோ. 1959இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா உள்ளிட்ட ஆறு நாடுகள் சேர்ந்து உறுதிப்படுத்திய அளவு இது. இத்தனை தசமத்தை யாரும் மனதில் வைத்திருக்கத் தேவையில்லை. பாணை நினைத்துக்கொண்டால் போதும். 2024இல் இலங்கையில் ஒரு இறாத்தல் பாணின் நிறை 450 கிராம் என்று வர்த்தமானியில் வந்தது. உண்மையான இறாத்தலைவிட அது மூன்றரை கிராம் குறைவு, அவ்வளவுதான். இந்த 450 கிராமிலிருந்து மனக்கணக்கு ஒன்று பிறக்கிறது. இறாத்தல் எண்ணைப் பாதியாக்குங்கள், வந்ததில் பத்தில் ஒன்றைக் கழியுங்கள், கிலோ வந்துவிடும். 50இல் பாதி 25. அதில் பத்தில் ஒன்று 2.5, கழித்தால் 22.5. எதிர்ப்பக்கம் போவதற்கு, கிலோ எண்ணை இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒன்றைக் கூட்டுங்கள். 23ஐ இரட்டித்தால் 46. பத்தில் ஒன்று 4.6, கூட்டினால் 50.6. இரண்டு வழியிலும் விடை உண்மையைவிடக் கொஞ்சம் குறைந்தே வரும். 22.68 வரவேண்டிய இடத்தில் 22.5, 50.7 வரவேண்டிய இடத்தில் 50.6.

இந்தக் குறைவு நமக்கு உதவுமா, நம்மைக் கவிழ்க்குமா என்பது எதை மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. எல்லையை மாற்றினால், எல்லை கொஞ்சம் உள்ளே நகர்கிறது. 22.5 கிலோவோடு நிறுத்திக்கொண்டவரின் பெட்டி 50 இறாத்தல் எல்லைக்கும் உள்ளே இருக்கும், 23 கிலோ எல்லைக்கும் உள்ளே இருக்கும். பெட்டியின் நிறையை மாற்றினால் அதே பிழை பெட்டியை உள்ளதைவிட இலேசாகக் காட்டும். பெட்டி 22.7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரட்டித்துப் பத்தில் ஒன்றைக் கூட்டினால் 49.94, ஐம்பதுக்குள் இருக்கிறதே என்று மனம் நிம்மதியாகிவிடும். உண்மை 50.04. இந்த இடத்தில் வித்தியாசம் மிகச் சிறியதுதான். ஆனால் பலர் மனதில் இருக்கும் கணக்கு இதைவிடத் தடிப்பானது, அதாவது ஒரு கிலோவுக்கு இரண்டு இறாத்தல். அந்தக் கணக்கில் 24.5 கிலோப் பெட்டி 49 இறாத்தலாகத் தெரியும். உண்மையில் அது 54 இறாத்தல். ஒன்றரைக் கிலோ மிகையோடு, இன்னும் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பூட்டப்படும் பெட்டி அது. ஆகவே முதல் வேலை, பெட்டியைத் தொடுவதற்கு முன்பே எல்லையை மாற்றுவது. சீட்டில் உள்ள இறாத்தல் எண்ணை எடுத்து, பாதியாக்கி, பத்தில் ஒன்றைக் கழித்து, வந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டி மூடியின் உள்ளே ஒட்டிவிடுங்கள். பிறகு கிலோவிலேயே நிறுக்கலாம். இறாத்தல் பக்கமே போகவேண்டியதில்லை.

கையில் போன் இருக்கும்போது மனக்கணக்கு எதற்கு என்று கேட்கலாம். போன் தரும் எண் சரியானதுதான். 23ஐ 2.20462ஆல் பெருக்கிக் கேட்டால் 50.70626 என்று காட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைத்தான் அது சொல்லாது. 50.7ஐ 51 என்று வாசித்து ஒரு இறாத்தல் கூட வைப்பவர் உண்டு. 50 இறாத்தல் 7 அவுன்ஸ் என்று வாசிப்பவரும் உண்டு. இறாத்தலுக்கு 16 அவுன்ஸ் என்பதால் 0.7 என்பது ஏறக்குறைய 11 அவுன்ஸ். போனில் கணக்குப் போடுபவருக்கும் அதே ஒழுங்குதான்: 50 lb எத்தனை கிலோ என்று கேளுங்கள், 22.68 என்று வந்தால் கீழ்ப்பக்கமாக 22.6 என்று எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் இரண்டு எண் இருந்தால், கிலோவுக்கு மாற்றிய பின் சிறியது எதுவோ அதுதான் உங்கள் எல்லை.

கட்டுநாயக்கவில் தராசு கிலோவில்தானே காட்டும், பிறகு 320 கிராமை ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும் என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரே விமானத்தில் ஒரே மூச்சில் போய் இறங்குபவர் 23ஐ நம்பலாம். ஆனால் அமெரிக்காவில் இறங்கிப் பெட்டியை எடுத்து, அங்கே உள்நாட்டு விமானம் ஒன்றில் மறுபடி ஒப்படைப்பவருக்கு எதிரே lb காட்டும் தராசு இருக்கும். 22.9 கிலோப் பெட்டி அங்கே 50.5 என்று நிற்கும். கொஞ்சம் கூடினால் விட்டுவிடுவார்கள் என்று சொல்வார்கள். சில இடங்களில் விடுவதும் உண்டு, ஆனால் அது கவுண்டரில் இருப்பவரின் மனம், பயணியின் உரிமை அல்ல. பெட்டி எண்ணிக்கையை வைத்து அனுமதி தரும் இந்தப் பயணங்களில் மிகைக் கட்டணம் பெரும்பாலும் கிராம் கணக்கில் வருவதில்லை. எல்லையை 200 கிராம் தாண்டினாலும் ஐந்து கிலோ தாண்டினாலும் ஒரே தொகைதான். அதற்கு மேல் 32 கிலோ, அதாவது 70 இறாத்தல் என்ற உச்ச வரம்பு ஒன்று உண்டு. தூக்கி ஏற்றும் தொழிலாளியின் முதுகைக் காக்க வந்த வரம்பு என்பதால் அதைத் தாண்டிய பெட்டியைப் பொதுவாகப் பணம் கொடுத்தாலும் எடுக்கமாட்டார்கள். அதையும் அதே முறையில் மாற்றினால் 35, அதில் 3.5 போக 31.5 கிலோ.

இனி நிறுப்பது. கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது சாக்கின் நிறையைக் கழித்துத்தான் கொழுந்துக்குக் கணக்கு. அந்தப் பழக்கத்தில் பெட்டிக்கும் கழிவு உண்டு என்று நினைத்துவிடக்கூடாது. விமான நிலையத்தில் எதையும் கழிப்பதில்லை. வெறும் பெட்டி, அதன் சில்லு, சுற்றிய கயிறு, ஒட்டிய டேப், மேலே சுற்றும் பிளாஸ்டிக் எல்லாம் அந்த 22.5க்குள்தான். அதனால் முதலில் வெறும் பெட்டியை நிறுத்துப் பாருங்கள். அது நான்கு கிலோ என்றால் பொருளுக்கு மிஞ்சுவது பதினெட்டரை.

கொக்கி வைத்துத் தூக்கி நிறுக்கும் சிறிய மின் தராசுகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் அலகு மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கும். தூக்கும்போது விரல் பட்டு அது மாறிவிடுவது சாதாரணமாக நடக்கும். எண்ணைப் பார்ப்பதற்கு முன் திரையின் ஓரத்தில் kg இருக்கிறதா lb இருக்கிறதா என்று பாருங்கள். கையால் தூக்கவே சிரமமான பெட்டி 23 என்று காட்டினால் அது கிலோ; நிரம்பாத பெட்டி போல இலேசாக எழுந்துவந்து 23 என்று காட்டினால் அது இறாத்தல், கிலோவில் பத்தரைகூட இல்லை. தராசு நம்பத் தகுந்ததா என்று பார்ப்பதற்குத் தண்ணீர் போதும். ஒன்றரை லீற்றர் போத்தல்கள் ஆறை நிரப்பி ஒரு பையில் போட்டுத் தூக்கினால் தண்ணீர் மட்டும் ஒன்பது கிலோ. வெறும் போத்தல்களோடும் பையோடும் சேர்த்து அதைவிடக் கொஞ்சம் கூடக் காட்டவேண்டும். எட்டரை என்று காட்டும் தராசு 23 கிலோப் பெட்டியில் ஒரு கிலோவுக்கு மேல் மறைத்துவிடும். கை ஆடினால் எண்ணும் ஆடும்; நிலையில் கட்டிய கயிற்றிலோ இரண்டு பேர் பிடிக்கும் தடியிலோ மாட்டி, மூன்று முறை நிறுத்து, மூன்றிலும் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்குத் தராசு இல்லாத வீட்டில் உடல் நிறை பார்க்கும் தராசில் பெட்டியோடு ஏறி நின்று, பிறகு தனியாக ஏறி நின்று கழிக்கலாம். ஆனால் அதில் இரண்டு தடவையின் பிழை சேர்ந்துவிடும் என்பதால் இன்னும் அரைக் கிலோ குறைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பெட்டியை எடுத்துப் பார்ப்போம். வலப்பனையிலிருந்து கண்டி வழியாகக் கட்டுநாயக்க போய், அங்கிருந்து ரொறன்ரோ போகும் பெட்டி. சீட்டில் 23 kg / 50 lb. மூடியில் ஒட்டிய எண் 22.5. உடுப்பு, 400 கிராம் தேயிலைத் தூள் பக்கெட்டுகள் ஏழு, அரைத்துக் கட்டிய மிளகாய்த்தூள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் வைத்துப் பூட்டித் தூக்கினால் 23.1 வருகிறது. ஒரு தேயிலைப் பக்கெட்டை எடுத்தால் 22.7. கிலோக் கணக்கில் இது தேறிவிட்டது. 300 கிராம் மிச்சம் என்றுகூடத் தோன்றும். மூடியில் 22.5 என்று இருப்பதால் கை இன்னொரு பக்கெட்டையும் எடுக்கிறது. 22.3. எந்த அலகில் நிறுத்தாலும் இது உள்ளே நிற்கும், 50க்கு எதிரே 49.2 என்று. எடுத்த இரண்டு பக்கெட்டும் கைப்பைக்குப் போகலாம். அதன் எல்லையையும் அதே போலச் சீட்டில் பார்த்துச் சிறிய எண்ணை எடுத்துக்கொண்டு.

நிறுப்பது புறப்படும் நாள் காலையில் இருக்கட்டும். இந்தப் பக்கத்து மழைக்காலத்தில் ஈரம் முழுக்கக் காயாத கம்பளியும் ஜீன்ஸும் முதல் வாரம் நிறுத்ததைவிடக் கூடத்தான் நிற்கும். அத்தோடு, தெருவில் வேன் காத்திருக்கும்போது யாராவது கொண்டுவந்து தரும் ஒரு பார்சலுக்கும் அந்த மூடியில் உள்ள எண்தான் பதில் சொல்லவேண்டும்.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகும். அங்கே உறவினர் வீட்டுத் தராசு இறாத்தலில் காட்டும். ஒருவேளை வேறொரு நிறுவனத்தின் சீட்டில் 30 கிலோ என்று மட்டும் இருக்கும். அப்போதும் பெட்டியை மாற்றவேண்டாம். 30ஐ இரட்டித்து 60, பத்தில் ஒன்று 6, மொத்தம் 66. தராசில் 66ஐத் தொடாமல் கட்டினால் 30 கிலோவுக்குள் வந்துவிடும்.